‘ஆரம்ப நிலை’ என்று எழுதாத ஒரு கடிதம்

கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த துணுக்கில் லேசான மாற்றம் இருக்கிறது என்று பரிசோதனைக் கூடத்திலிருந்து முடிவு வந்தால், பல வருடமாக நான் சீட்டில் ‘ஆரம்ப நிலை மாற்றம்’ என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஆறுதலான சொல்லாகத்தான் பட்டது. அப்படி ஒரு சீட்டோடு போன 41 வயதுப் பெண் ஒருவர் ஒரு வருடம் கழித்து வந்தார். கர்ப்பப்பை இல்லை. இரண்டு சினைப்பைகளும் இல்லை. உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிகிறது, ராத்திரி தூக்கமில்லை என்றார். வீட்டில் யாரோ சீட்டைப் படித்து, ‘ஆரம்ப நிலை’ என்றால் ஆரம்ப நிலைப் புற்றுநோய்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். வேறொரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அங்கே செய்தது தேவையில்லாத ஆபரேஷன்தான். ஆனால் அவரை அங்கே அனுப்பியது என் கையெழுத்தில் இருந்த இரண்டு சொற்கள்.

அதற்குப் பிறகு சீட்டில் எழுதுவதை விட்டேன். இந்த முடிவு வரும் பெண்களுக்கு ஒரு முழுக் கடிதம் எழுதித் தருகிறேன். இங்கே சொல்லப் போவது அப்படி ஒரு கடிதத்தையும் அதற்கு உரிய பெண்ணையும் பற்றி. அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அவருக்கு 36 வயது. இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர். விடியுமுன் ஜீப் ஏறிக் கேரள எல்லைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை 2007-ல் முன்னோடியாகத் தொடங்கியது தேனியிலும் தஞ்சாவூரிலும்தான். அதனால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ‘வினிகர் டெஸ்ட்’ என்றால் ஓரளவு தெரியும். 2023 மே மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அந்தச் சோதனையைச் செய்தபோது வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்திருக்கிறது. என்னிடம் அனுப்பினார்கள்.

கர்ப்பப்பை வாயை வருடி எடுத்த செல்களைப் பார்க்கும் பாப் ஸ்மியரும், இந்த மாற்றத்தை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. சோதனையும் எடுத்தேன். ஸ்மியரில் லேசான மாற்றம் என்று வந்தது. எச்.பி.வி. முடிவில் மூன்று வரி இருக்கும்: 16-ம் வகை, 18-ம் வகை, அபாயமுள்ள மற்ற வகைகள் எல்லாம் சேர்த்து ஒன்று. இவருக்கு முதல் இரண்டும் இல்லை, மூன்றாவது வரியில் ‘உண்டு’. உலகத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதம் 16, 18 இரண்டாலும்தான் வருகிறது. அதனால் அந்த இரண்டு வரிகளைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஜூன் மாதம் கால்போஸ்கோப்பி. பெயர்தான் பெரிது. உள்ளே போகாமல் வெளியே நின்று பெரிதாக்கிக் காட்டும் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் பஞ்சை நனைத்துக் கர்ப்பப்பை வாயில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் லேசான திட்டு தெரியாமலே போய்விடும். மேல் உதட்டில், கடிகாரத்தில் 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவே, சுமார் 8 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு வெள்ளை எழுந்தது. சுண்ணாம்பு வெள்ளை இல்லை. தண்ணீர் கலந்த பால் மாதிரி அடியில் இருப்பதைக் காட்டும் வெள்ளை. ஓரம் நெளிநெளியாக, வரைபடத்தில் கடற்கரை மாதிரி. பச்சை வெளிச்சத்தில் பார்த்தபோது ரத்தக் குழாய்கள் மெல்லிசாக, ஒரே சீராக இருந்தன. அயோடின் தடவினால் நல்ல தோல் கரும்பழுப்பாகும். இந்த இடம் பாதி பழுப்பு, பாதி மஞ்சளாக நின்றது. இந்த ஐந்துக்கும் தலா 2 வரை மதிப்பெண் போடும் ஸ்வீட் கணக்கில் 10-க்கு 4. பெரிய மாற்றத்தைச் சந்தேகிப்பது 5-லிருந்து.

மதிப்பெண்ணைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. வெளித்தோலும் உள்தோலும் சந்திக்கும் கோடு சுற்றிலும் முழுதாகத் தெரிந்தது. மாற்றம் பிறக்கும் இடமே அந்தக் கோட்டை ஒட்டிய பகுதிதான். வயது ஏற ஏற அந்தக் கோடு உள்ளே ஏறிப் போய்விடும். அப்படிப் போனவர்களிடம் ‘லேசானதுதான்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் பார்க்காத இடத்தைப் பற்றி என்ன சொல்வது? இவரிடம் சொல்ல முடிந்தது. திட்டில் இரண்டு இடத்தில் துணுக்கு எடுத்து, ரத்தம் நிற்க மோன்செல் பசையைத் தடவி அனுப்பினேன். அந்தப் பசை இரண்டு மூன்று நாளைக்குக் கரும்பழுப்பாக, காபித்தூள் மாதிரி உதிர்ந்து வரும். சொல்லித்தான் அனுப்பினேன். இருந்தும் மறுநாள் ராத்திரி போன் வந்தது: “டாக்டர், உள்ள அழுகி வருது.”

முடிவு: இரண்டு துணுக்கிலும் சி.ஐ.என். 1, அதாவது மேல்தோலில் லேசான மாற்றம். ஸ்மியர் லேசானது, கண்ணுக்குத் தெரிந்தது லேசானது, பயாப்ஸியும் லேசானது. மூன்றும் ஒத்துப்போனால்தான் கீழே வரும் கடிதத்தை எழுதலாம். ஸ்மியரில் பெரிய மாற்றம் என்று வந்து பயாப்ஸியில் மட்டும் சி.ஐ.என். 1 என்றால், மோசமான இடத்தை என் இடுக்கி தவறவிட்டிருக்கலாம் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அப்போது ஸ்மியரும் துணுக்கும் வைத்த கண்ணாடித் தகடுகளைப் பரிசோதனைக் கூடத்தில் திரும்பப் பார்க்கச் சொல்வேன், தேவைப்பட்டால் திட்டையே வெட்டி எடுக்கச் சொல்வேன். இந்தக் கடிதம் அவருக்குப் பொருந்தாது.

கடிதத்தைத் தபாலில் அனுப்பவா என்று கேட்டேன். “வேணாம் டாக்டர், கையில குடுங்க. போன்லயும் அனுப்பாதீங்க, போன் அவரு கையிலதான் இருக்கும்” என்றார். எட்டாவது வரை படித்தவர். அதனால் தட்டச்சு செய்து, பெரிய எழுத்தில் கொடுத்தேன்.

அன்புள்ள அம்மா,

ஜூன் மாதம் உங்கள் கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த இரண்டு துணுக்குகளின் முடிவு வந்துவிட்டது. உங்களுக்குப் புற்றுநோய் இல்லை. கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் ஒரு சிறிய இடத்தில் லேசான மாற்றம் இருக்கிறது. அதற்கு இப்போது மருந்தோ ஆபரேஷனோ வேண்டாம். ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தில் முக்கியமானது இவ்வளவுதான். மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

முடிவுத் தாளில் சி.ஐ.என். 1 என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதை யாராவது படித்துக் காட்டினால் பயமுறுத்துகிற மாதிரிதான் ஒலிக்கும். அதன் அர்த்தம் இது. கர்ப்பப்பை வாயின் தோலை மூன்று மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கீழ்மாடியில் மட்டும் செல்கள் கொஞ்சம் கலைந்து கிடக்கின்றன. மேல் இரண்டு மாடியும் ஒழுங்காக இருக்கின்றன. மூன்று மாடியும் கலைந்தால் அதை 3 என்று எழுதுவார்கள், அப்போது சிகிச்சை செய்வோம். அதுகூடப் புற்றுநோய் அல்ல. அஸ்திவாரத்தை உடைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கினால்தான் புற்றுநோய்.

இந்த மாற்றத்தை உண்டாக்குவது எச்.பி.வி. என்கிற வைரஸ். தாம்பத்திய உறவு உள்ள பெரும்பாலானவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, வாழ்நாளில் எப்போதாவது இது ஒட்டும். வலி, அரிப்பு எதுவும் இருக்காது. பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வெளியே தெரியலாம். அதனால் இது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. உங்கள் நடத்தையைப் பற்றியோ உங்கள் கணவரின் நடத்தையைப் பற்றியோ இந்த முடிவு எதையும் சொல்லவில்லை.

ஏன் இப்போதே எடுத்துவிடக் கூடாது என்று கேட்பீர்கள். உங்களைப் போன்ற 10 பெண்களை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 6 பேருக்கு உடம்பே வைரஸை விரட்டி, தோல் தானாகச் சரியாகிவிடும். 3 பேருக்கு இப்படியே இருக்கும். ஒருவருக்கு மேல்மாடிக்கு ஏறலாம். அப்படி ஏறினாலும் வாரக் கணக்கில் ஏறாது, வருடக் கணக்கில்தான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தாலே பிடித்துவிடலாம். இன்றைக்கே வெட்டினால் ரத்தப்போக்கு வரலாம், கர்ப்பப்பை வாய் சுருங்கிப் போகலாம், சுருங்கினால் அடுத்த முறை எனக்குப் பார்ப்பதே கஷ்டம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய தேவை இதில் இல்லை. யாராவது எடுக்கச் சொன்னால் சம்மதக் கையெழுத்துப் போடும் முன் இந்தக் கடிதத்தோடு என்னிடம் ஒருமுறை வாருங்கள்.

இதற்கென்று மாத்திரை கிடையாது. கடையில் வாங்கி எதையும் உள்ளே வைக்க வேண்டாம். பத்தியம் இல்லை. வேலைக்குப் போகலாம், சுமை தூக்கலாம், உறவும் வைத்துக்கொள்ளலாம். ஆணுறை பயன்படுத்தினால் தோல் சீக்கிரம் சரியாக உதவலாம், கட்டாயமில்லை. வீட்டில் பீடிப் புகை இருந்தால் அது வெளியே போகட்டும். புகையிலை இந்த வைரஸுக்குத் துணை நிற்கும்.

அடுத்த பரிசோதனை: 2024 ஜூன், பள்ளிக்கூடம் திறந்த பிறகு வரும் முதல் செவ்வாய். ஏலக்காய் பறிப்பு மும்முரமாகும் முன் என்று பார்த்து வைத்திருக்கிறேன். அன்று மாதவிலக்கு இருந்தால் அடுத்த வாரம் வாருங்கள். வருவதற்கு முன் இரண்டு நாள் உறவு வேண்டாம். பிரஷ்ஷால் தொட்டு எச்.பி.வி. சோதனை எடுப்பேன், ஐந்து நிமிட வேலை. வைரஸ் இல்லை என்றால் அடுத்தது 3 வருடம் கழித்து. வைரஸ் இன்னும் இருந்தால் மறுபடி கண்ணாடியில் பார்ப்போம். இரண்டு வருடம் தாண்டியும் மாற்றம் போகவில்லை என்றால், அந்த இடத்தை மட்டும் சூடு வைத்தோ உறைய வைத்தோ அழிப்பதைப் பற்றி நீங்களும் நானும் உட்கார்ந்து பேசலாம்.

உறவுக்குப் பிறகு ரத்தம் வந்தாலோ, இரண்டு மாதவிலக்குக்கு நடுவே ரத்தம் பட்டாலோ, ரத்தம் கலந்து நாற்றத்தோடு நீர் வடிந்தாலோ ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே வாருங்கள். சாதாரணமாக வெள்ளைபடுவதற்கும் இந்த மாற்றத்துக்கும் சம்பந்தமில்லை.

அன்புடன்,
உங்கள் டாக்டர்.

இந்தக் கடிதத்தில் மூன்று சொற்கள் வரக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். ‘ஆரம்ப நிலை’ ஏன் கூடாது என்று மேலே சொன்னேன். இரண்டாவது ‘புண்’. கர்ப்பப்பை வாயில் செக்கச்செவேலென்று உள்தோல் வெளியே தெரிந்தாலும் புண் என்கிறோம், கிருமியால் வீங்கினாலும் புண், சி.ஐ.என். என்றாலும் புண். புண் என்று கேட்ட பெண்ணின் மனதில் அடுத்து வருவது ‘ஆறாத புண்’. அதற்கடுத்தது கர்ப்பப்பையை எடுப்பது. மூன்றாவது, முடிவுத் தாளிலேயே இருக்கும் ‘நியோபிளேசியா’. மருந்துக்கடைப் பையன் செல்போனில் தேடினால் முதலில் வருவது கட்டி, புற்று. அந்தத் தாளைக் கொடுக்காமல் இருக்க முடியாது, அது அவருடையது. கடிதத்தைத் தாளோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுக்கிறேன். தாள் தனியாகப் போகக் கூடாது.

வைரஸைப் பற்றிய பத்தியைத்தான் அதிக தடவை திருத்தி எழுதினேன். முதல் வரைவில் ‘உறவின் மூலம் பரவும் வைரஸ்’ என்று இருந்தது. தப்பில்லை, உண்மைதான். ஆனால் அந்த வரியைப் படிக்கும் கணவனுக்கு அடுத்த வரியைப் படிக்கப் பொறுமை இருக்குமா? அதனால் ‘பெரும்பாலானவர்களுக்கு’ என்பதும் ‘ஆணோ பெண்ணோ’ என்பதும் அதே வாக்கியத்துக்குள் வரும்படி மாற்றினேன். உண்மையை மறைக்கவில்லை, வரிசையை மாற்றினேன். என்னுடன் வேலை பார்க்கும் சிலர் எச்.பி.வி. என்ற சொல்லையே பெண்ணிடம் சொல்வதில்லை, ‘கிருமி’ என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கிருமி என்றால் மாத்திரை கேட்பார்கள், மாத்திரை கொடுத்தால் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள், அடுத்த வருடம் வரமாட்டார்கள்.

கணவர் கடிதத்தைப் படித்தார். இரண்டு வாரம் கழித்து அவரே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நர்ஸ் நினைத்துவிட்டாள். உள்ளே வந்தவர் கேட்டது ஒன்றுதான்: “எனக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துருங்களேன்.” ஆண்களுக்கு வழக்கமாகச் செய்கிற எச்.பி.வி. சோதனை கிடையாது, எடுத்தாலும் அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை என்றேன். பீடியைக் குறைக்கிறேன் என்றார். குறைத்தாரா என்று தெரியாது.

கடிதத்தில் ஒரு குறையும் இருந்தது. ‘வைரஸ் இன்னும் இருந்தால்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டேன். அவர் ஜூனில் வரவில்லை. நர்ஸ் இரண்டு தடவை போன் போட்ட பிறகு 2024 ஆகஸ்டில் வந்தார். எச்.பி.வி. அதே மூன்றாவது வரியில் ‘உண்டு’. கண்ணாடியில் திட்டு பாதியாகச் சுருங்கியிருந்தது, அயோடினில் அங்கங்கேதான் மஞ்சள். ஒரு துணுக்கு எடுத்தேன், மறுபடியும் சி.ஐ.என். 1. எனக்கு அது நல்ல செய்தி. அவருக்கு அப்படி இல்லை. “பத்துல ஆறு பேர்ல நான் இல்லையா டாக்டர்?” என்று அழுதார். அந்த 6 பேரும் முதல் வருடத்துக்குள்ளேயே சரியாகிவிடுவதில்லை, பலருக்கு இரண்டாவது வருடமும் ஆகும் என்பதைக் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதுகிறேன்.

அவருடைய மாமியார் அந்தச் சமயத்தில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். வைரஸ் கர்ப்பப்பையில் மட்டும் குடியிருக்கவில்லை, பிறப்புறுப்பின் மேல்பகுதித் தோலிலும் இருக்கும், இந்த மாற்றத்துக்காகக் கர்ப்பப்பையை எடுத்தாலும் தையல் போட்ட அந்த இடத்தில் சோதனை தொடர வேண்டியிருக்கும் என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். ஆபரேஷன் செய்தும் சோதனைக்கு வர வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்ப எதுக்கு எடுக்கணும்?” என்று அவரே சொன்னார்.

2025 ஆகஸ்டில் மூன்று வரியிலும் ‘இல்லை’. ஸ்மியரும் சாதாரணம். திட்டை இன்னும் ஒரு வருடம் விடலாமா, சூடு வைத்து அழிக்கலாமா என்று பேச நாள் குறித்து வைத்திருந்தேன். அந்தப் பேச்சுக்கு வேலையில்லாமல் போயிற்று. அடுத்த சோதனை 2028-ல்.

அன்றைக்கு அவர் பழைய கடிதத்தைக் கொண்டு வந்திருந்தார். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார், மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: ‘பாப்பாவுக்கு 12 வயசு. அவளுக்கும் இது வருமா?’ எப்போது எழுதினீர்கள் என்று கேட்டேன். முதல் தடவை படித்த அன்றைக்கே எழுதினாராம், கேட்க ஒரு மாதிரியாக இருந்ததாம். பாப்பாவுக்கு இப்போது 14.

கேள்விக்குக் கீழேயே பதிலை எழுதிக் கொடுத்தேன்: ‘இது பரம்பரையாக வருவதில்லை. தடுப்பூசி இருக்கிறது. 15 வயது ஆகுமுன் தொடங்கினால் இரண்டு ஊசி போதும், ஆறு மாத இடைவெளியில். முதல் ஊசிக்கு இந்த மாதமே கூட்டிக்கொண்டு வாருங்கள்.’